செம்பட்டி தாண்டினா மலை: நாலு கியர், ஒரு கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரை அப்படியே விட்டிருக்கோம். எண்களை மட்டும் படிக்க வசதியா வரிசைப்படுத்தியிருக்கோம்.)

திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் பஸ் ஏறினவங்களுக்கு செம்பட்டி தெரிஞ்சிருக்கும். பழனி பக்கம் ஒரு ரோடு, நிலக்கோட்டை பக்கம் ஒரு ரோடு, வத்தலகுண்டு பக்கம் ஒரு ரோடுன்னு பிரியற ஊர். சமவெளி ரோடு, அதனால பஸ் டாப் கியர்ல சுகமா ஓடும். வத்தலகுண்டு தாண்டி காட்ரோடு வந்ததும் சத்தம் மாறிடும். இன்ஜின் உறுமும், பஸ் மெதுவாகும், டிரைவர் கை கியர் லீவரை விட்டு நகராது.

இன்னிக்கு எபிசோட் அந்த லீவருக்குக் கீழ நடக்கறதைப் பத்தி. உள்ளே நாலே நாலு பல்சக்கரம் சேர்ந்து வேலை செய்யுது. பொறியியல் பாடத்துல இதுக்குப் பேரு காம்பவுண்ட் கியர் ட்ரெயின், தமிழ்ல கூட்டுப் பல்சக்கரத் தொடர்னு சொல்லலாம். அதோட வெளி வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது, டார்க் எப்படி மாறுது, இந்தக் கணக்கு மலை இறங்கும்போது ஏன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகுது. இந்த மூணையும் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கு

பஸ் கியர்பாக்ஸைத் திறந்தா முக்கியமா ரெண்டு கோடு தெரியும். மேல் கோட்டுல ரெண்டு ஷாஃப்ட் ஒரே நேர்கோட்டுல முன்னும் பின்னுமா இருக்கும். முன்னால இருக்கறது இன்ஜின்ல இருந்து கிளட்ச் வழியா வர்ற இன்புட் ஷாஃப்ட். பின்னால இருக்கறது பின் சக்கரத்துக்குப் போற மெயின் ஷாஃப்ட். இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை, தனித்தனியா சுத்த முடியும். இதுக்குக் கீழ இணையா ஓடற இன்னொரு ஷாஃப்ட் தான் லே ஷாஃப்ட். கவுன்டர் ஷாஃப்ட்னும் சொல்வாங்க.

பஸ் முதல் கியர்ல இருக்கும்போது சக்தி போற பாதை இது. இன்புட் ஷாஃப்ட் மேல ஒரு சின்ன கியர். அதை "அ"ன்னு வச்சுக்கலாம். அது லே ஷாஃப்ட் மேல இருக்கற பெரிய கியர் "ஆ"வைச் சுத்துது. அதே லே ஷாஃப்ட் மேல கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன கியர் "இ" இருக்கு. அது மெயின் ஷாஃப்ட் மேல இருக்கற பெரிய கியர் "ஈ"யைச் சுத்துது. அவ்வளவு தான் நாலு கியர்.

இங்க கவனிக்க வேண்டியது "ஆ"வும் "இ"யும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பல் கோக்கலை. ஒரே ஷாஃப்ட்ல இறுகியிருக்கு. இந்த ஒரு விஷயம் தான் இதைக் "கூட்டு" தொடரா ஆக்குது.

வேகம்: ரெண்டே விதி

கணக்குக்கு நான் கொஞ்சம் சுலபமான எண்களை எடுத்துக்கறேன். "அ" 20 பல், "ஆ" 40 பல், "இ" 15 பல், "ஈ" 45 பல். இன்ஜின் 1,500 ஆர்பிஎம்ல ஓடுது.

முதல் விதி: பல் கோத்திருக்கற ரெண்டு கியர்ல, வேகத்தையும் பல் எண்ணிக்கையையும் பெருக்கினா ரெண்டு பக்கமும் ஒரே விடை வரணும். காரணம் ரொம்ப நேரடியானது. ஒரு கியர்ல ஒரு பல் கடந்தா அடுத்த கியர்லயும் ஒரு பல் கடந்தே ஆகணும், நடுவுல வழுக்க இடமில்லை. அப்போ "அ" நிமிஷத்துக்கு 1,500 சுத்து, சுத்துக்கு 20 பல், மொத்தம் 30,000 பல். "ஆ"வும் நிமிஷத்துக்கு அதே 30,000 பல்லைக் கடத்தணும். அதுக்கு 40 பல் இருக்கறதால 750 சுத்து போதும்.

ரெண்டாவது விதி: ஒரே ஷாஃப்ட்ல இறுகியிருக்கற கியர்களுக்கு வேகம் ஒண்ணு தான். "ஆ" 750ல சுத்தினா "இ"யும் 750 தான்.

இப்போ முதல் விதியை மறுபடியும் போடுங்க. "இ" 750 சுத்து, 15 பல், மொத்தம் 11,250. "ஈ"க்கு 45 பல். 11,250ஐ 45ஆல வகுத்தா 250. மெயின் ஷாஃப்ட் 250 ஆர்பிஎம்ல சுத்துது. 1,500 உள்ளே போய் 250 வெளியே வந்திருக்கு, ஆறுல ஒரு பங்கு.

ஒரே வரியில எழுதணும்னா:

```
வெளி வேகம் = உள் வேகம் × (அ × இ) ÷ (ஆ × ஈ)
           = 1500 × (20 × 15) ÷ (40 × 45)
           = 250
```

மேல இருக்கறது ஓட்டற கியர்களோட பல், கீழ இருக்கறது ஓட்டப்படற கியர்களோட பல். வரியை மனப்பாடம் பண்றதை விட அந்த ரெண்டு விதியைப் பிடிச்சுக்கறது நல்லது. எத்தனை கியர் வந்தாலும் அது கைவிடாது.

இங்க நிறைய பேர் தடுக்கி விழற ஒரு இடம் இருக்கு. "நடுவுல இருக்கற கியர் கணக்குல வராது, முதலும் கடைசியும் மட்டும் பார்த்தா போதும்"னு எங்கேயோ கேட்டிருப்பாங்க. அது உண்மை தான், ஆனா சிம்பிள் ட்ரெயினுக்கு. ஒவ்வொரு ஷாஃப்ட்லயும் ஒரே ஒரு கியர் வரிசையா கோத்திருந்தா நடுக்கியர் எத்தனை பல்லை வாங்குதோ அத்தனை பல்லையே கொடுக்கும், அதனால கணக்குல அடிபட்டுப் போகும். நம்ம லே ஷாஃப்ட் அப்படி இல்லை. சுத்துக்கு 40 பல்லா வாங்கி 15 பல்லா கொடுக்குது. அதை விட்டுட்டு 20ஐயும் 45ஐயும் மட்டும் எடுத்தா விடை 667 ஆர்பிஎம்னு வரும். உங்க விடை சரியான்னு பார்க்க ஒரு சின்ன சோதனை: நடு ஷாஃப்ட்டோட வேகத்தைத் தனியா எழுதுங்க. நம்ம கணக்குல அது 750. வேகத்தைக் குறைக்கற ஜோடி அதுக்கு அப்புறமும் ஒண்ணு இருக்கும்போது, கடைசி விடை 750க்கு ரொம்பக் கீழ போகாம 667ல நின்னா எங்கேயோ இடிக்குது.

திசைக்கும் இதே மாதிரி ஒரு எண்ணிக்கை. பல் கோக்கற இடம் ஒவ்வொண்ணுலயும் திசை திரும்பும். இங்க ரெண்டு இடம், அதனால ரெண்டு தடவை திரும்பி இன்ஜின் சுத்தற அதே பக்கம் மெயின் ஷாஃப்ட்டும் சுத்தும்.

டார்க்: பல்லோட முனையில நின்னு பாருங்க

டார்க்னா முறுக்கு விசை. ஸ்பேனரைப் பிடிச்சுத் திருப்பறப்போ நீங்க கொடுக்கற விசையையும், நட்டுல இருந்து உங்க கை இருக்கற தூரத்தையும் பெருக்கினா வர்றது. "வேகம் குறைஞ்சா டார்க் கூடும்"னு எல்லாருக்கும் தெரியும். ஏன் கூடுதுன்னு கேட்டா தான் கொஞ்சம் யோசிப்பாங்க.

இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்குதுன்னு வைங்க. "அ" கியரோட ஆரம் 50 மில்லிமீட்டர். அப்போ அதோட பல் பக்கத்துப் பல்லைத் தள்ளற விசை 400ஐ 0.05ஆல வகுத்தா 8,000 நியூட்டன். இதே விசை தான் "ஆ"வோட பல் மேல விழுது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனா "ஆ"வுக்கு ரெண்டு மடங்கு பல், அதனால ஆரமும் ரெண்டு மடங்கு, 100 மில்லிமீட்டர். அதே விசை, ரெட்டிப்பு நீளமான கை. டார்க் 800 ஆயிடுச்சு. டார்க் கூடற ரகசியம் இவ்வளவு தான். அது நீளமான ஸ்பேனர், வேற ஒண்ணும் இல்லை.

அந்த 800 லே ஷாஃப்ட் வழியா "இ"க்குப் போகுது. "இ" சின்ன கியர், ஆரம் 37.5 மில்லிமீட்டர். இப்போ பல் மேல விழற விசை 800ஐ 0.0375ஆல வகுத்தா 21,333 நியூட்டன். எடைக்கணக்குல சொன்னா ரெண்டு டன்னுக்கு மேல. "ஈ"யோட ஆரம் 112.5 மில்லிமீட்டர், பெருக்கினா 2,400. வேகம் ஆறுல ஒண்ணாச்சு, டார்க் ஆறு மடங்காச்சு.

முதல் ஜோடிப் பல்லுல 8,000, ரெண்டாவது ஜோடிப் பல்லுல 21,333. பிரிச்சுப் போட்ட கியர்பாக்ஸை ஏதாவது மெக்கானிக் ஷெட்டுல பார்க்க வாய்ப்பு கிடைச்சா, லே ஷாஃப்ட்ல இருக்கறதுலயே சின்ன முன்னோக்கிக் கியரைத் தேடுங்க. அது தான் முதல் கியரோட பல், பொதுவா அகலமாவும் தடிமனாவும் இருக்கும். பாரம் ஏத்தின வண்டியில கிளட்சை சட்டுனு விட்டா முதல்ல அடி வாங்கற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. பல்லோட முகத்துல ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி விழ ஆரம்பிக்கும். அந்த ஒரு கியர்ல மட்டும் ஓட்டும்போது ஊளைச் சத்தம் வந்து, மத்த கியர்கள்ல வரலைன்னா, சந்தேகப்பட வேண்டியது அந்த ஜோடியைத் தான்.

நஷ்டம் எங்க போகுது

இது வரைக்கும் எதுவும் வீணாகலைன்னு வச்சுக்கிட்டோம். உண்மையில பல்லும் பல்லும் உரசும், பேரிங் உரசும், ஆயில் கலங்கும். ஒரு ஜோடிக்கு 98 சதவீதம் கடந்து வருதுன்னு எடுத்துக்கிட்டா ரெண்டு ஜோடிக்கு 0.98ஐ 0.98ஆல பெருக்கணும், சுமார் 96 சதவீதம். 2,400க்குப் பதிலா கிட்டத்தட்ட 2,305 நியூட்டன் மீட்டர் வெளியே வரும்.

வேகத்துக்கும் இந்த 96 சதவீதத்தைப் போடலாமான்னு ஒரு கேள்வி வரும். போடக் கூடாது. வேகத்தைப் பல் எண்ணிக்கை பூட்டி வச்சிருக்கு. எவ்வளவு உரசினாலும் 20 பல் போனா 20 பல் தான் வரும். அதனால வெளி வேகம் துல்லியமா 250 தான். நஷ்டம் முழுக்க டார்க்ல இருந்து தான் கழியும். பெல்ட் போட்ட மிஷின்ல இந்த நிலைமை வேற, பெல்ட் வழுக்கும், வேகமும் குறையும்.

சக்தியா பார்த்தா உள்ளே போறது சுமார் 62.8 கிலோவாட், வெளியே வர்றது 60.3. நடுவுல காணாமப் போன 2.5 கிலோவாட் சூடா மாறி ஆயிலுக்குப் போகுது. கியர்பாக்ஸ் வெறும் இரும்புப் பெட்டி இல்லாம ஆயில் நிரப்பின பெட்டியா இருக்கறதுக்கு இது ஒரு காரணம்.

ஒரே ஜோடியில ஆறு மடங்கு வாங்கக் கூடாதா?

இந்தக் கேள்விக்கு நம்ம எண்கள்லயே பதில் இருக்கு. 20ஐயும் 40ஐயும் கூட்டுங்க, 60. 15ஐயும் 45ஐயும் கூட்டுங்க, அதுவும் 60. நான் வேணும்னே அப்படி எடுத்தேன். ஒரே அளவு பல்லா இருந்தா, மொத்தப் பல் சமமா இருக்கும்போது தான் ரெண்டு ஜோடிக்கும் ஷாஃப்ட் இடைவெளி ஒண்ணா இருக்கும். அப்போ தான் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல வந்து நிக்கும்.

அதே இடைவெளியில ஒரே ஜோடியா ஆறு மடங்கு வேணும்னா 60 பல்லை ஒண்ணுக்கு ஆறுன்னு பிரிக்கணும். சின்ன கியருக்கு எட்டரை பல் தான் கிடைக்கும். அரைப் பல்னு ஒண்ணு கிடையாது. எட்டோ ஒன்பதோ வச்சாலும், சாதாரண வடிவத்துல வெட்டினா பல்லோட அடிப்பகுதி அரிக்கப்பட்டு மெலிஞ்சுடும். வழக்கமான 20 டிகிரி பல்லுல, திருத்தம் எதுவும் இல்லாம 17 பல் வரைக்கும் தான் பத்திரமா இறங்கலாம். நம்ம 15க்கே கொஞ்சம் வடிவத் திருத்தம் வேணும். ரெண்டு படியா இறங்கினா அதே சின்னப் பெட்டிக்குள்ள வேலை முடிஞ்சுடுது.

நேர்கோட்டால இன்னொரு லாபமும் இருக்கு. டாப் கியர்ல இன்புட் ஷாஃப்டையும் மெயின் ஷாஃப்டையும் நேரா பூட்டிடலாம். நாலு கியரும் சக்திப் பாதையிலேயே இல்லை. செம்பட்டி ரோட்டுல பஸ் அவ்வளவு அமைதியா ஓடறது அதனால தான்.

இப்போ மலை ஏறலாம்

ஆட்களோட சேர்த்து 15 டன் பஸ்னு வைங்க. நூறு மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றம். கீழ இழுக்கற ஈர்ப்பு விசை சுமார் 10,290 நியூட்டன், டயர் உருள்ற எதிர்ப்பு சுமார் 1,470. மொத்தம் 11,760 நியூட்டன் தள்ளினா தான் பஸ் நகரும்.

கியர்பாக்ஸுக்குப் பின்னால பின் அச்சுல இன்னொரு ஐந்து மடங்கு குறைப்பு, டயர் ஆரம் அரை மீட்டர்னு எடுத்துக்கலாம். டாப் கியர்ல 400 நியூட்டன் மீட்டர் அச்சைத் தாண்டி தரைக்கு வரும்போது சுமார் 3,840 நியூட்டன் தான். தேவையில மூணுல ஒரு பங்கு. இரண்டாவது கியரோட "இ"யும் "ஈ"யும் 20, 40ன்னு இருந்தா மொத்தம் நாலு மடங்கு. நஷ்டம் போக தரையில சுமார் 14,750 நியூட்டன். இப்போ பஸ் ஏறும். விலை என்னன்னா, அதே 1,500 ஆர்பிஎம்ல டாப் கியர்ல 56 கிலோமீட்டர் வேகம், இரண்டாவதுல 14 கிலோமீட்டர். முதல் கியர் தரையில 22,000 நியூட்டன் கொடுக்கும். கொண்டை ஊசி வளைவுல நின்ன பஸ்ஸை மறுபடி கிளப்ப அது தேவைப்படும்.

இறங்கறது தான் பரீட்சை

கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டர் உயரம். கீழ சமவெளி சுமார் 300 மீட்டர். 15 டன் பஸ் 1,800 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 73 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது எங்கேயாவது போய்த்தான் ஆகணும். டிரைவர் பிரேக்கை மட்டும் நம்பினா அதுல பெரும்பகுதி பிரேக் லைனிங்ல சூடா இறங்கும். லைனிங் அளவுக்கு மீறி சூடானா உராய்வு குறைஞ்சுடும், பெடலை மிதிச்சாலும் பிடிக்காது. கருகின வாசனை வந்தா அது தான் முதல் எச்சரிக்கை.

இங்க நம்ம நாலு கியர் பின்பக்கமா வேலை செய்யுது. இப்போ "ஈ" ஓட்டுது, "அ" ஓட்டப்படுது. சக்கரம் இன்ஜினைச் சுத்துது. டீசல் கொடுக்காத இன்ஜின், எக்ஸாஸ்ட் பிரேக்கோட சேர்த்து, 150 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பு காட்டுதுன்னு வைங்க. டாப் கியர்ல அது தரையில சுமார் 1,560 நியூட்டன் தடுப்பு. இரண்டாவது கியர்ல நாலு மடங்குக்கும் மேல, சுமார் 6,500. ஏறும்போது நம்மகிட்ட திருடின உராய்வு இறங்கும்போது நமக்கு உதவுது, அதான் அந்த "மேல". அதே 7 சதவீத இறக்கத்துல பஸ்ஸைக் கட்டுப்படுத்தத் தேவை 8,820 நியூட்டன். டாப் கியர்ல இறங்கினா பிரேக் 7,260 நியூட்டனைத் தாங்கணும். இரண்டாவதுல 2,300 போதும். நியூட்ரல்ல விட்டா மொத்தமும் பிரேக் தலையில. டீசல் மிச்சம்னு நினைச்சு நியூட்ரல்ல இறங்கறது எவ்வளவு ஆபத்துன்னு இந்த ஒரு எண் சொல்லிடும். மிச்சமும் ஒண்ணும் பெருசா இல்லை. கியர்ல இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டிருந்தா இன்றைய இன்ஜின்கள் டீசலை நிறுத்திடும். நியூட்ரல்ல ஐடிலிங்குக்கு டீசல் போய்க்கிட்டே இருக்கும்.

ஒரு எல்லை இருக்கு. பல் எண்ணிக்கை வேகத்தைப் பூட்டுதுன்னு சொன்னேன் இல்லையா, அந்தப் பூட்டு ரெண்டு பக்கமும் உண்டு. பஸ் 45 கிலோமீட்டர்ல உருண்டுக்கிட்டு இருக்கும்போது இரண்டாவது கியரைக் கோத்தா இன்ஜின் கிட்டத்தட்ட 4,780 ஆர்பிஎம்ல சுத்தியே ஆகணும். அந்த அளவு டீசல் இன்ஜின்கள் 2,500 பக்கத்துல நிக்கற மாதிரி கட்டினது. வால்வு அடிபடும், இல்லைன்னா கிளட்ச் சிதறும். பெரும்பாலும் கியர் விழவே விழாது, லீவர் நியூட்ரல்லயே மாட்டிக்கும். அது இன்னும் மோசம். அதனால இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாலயே, பஸ் மெதுவா இருக்கும்போதே கியரைக் குறைச்சாகணும்.

"ஏறின கியர்லயே இறங்கு"ன்னு டிரைவர்கள் சொல்ற பழக்கம் இந்தக் கணக்கைத் தான் மூணு சொல்லுல அடக்கியிருக்கு. ஏற எவ்வளவு மடங்கு தேவைப்பட்டுச்சோ, இறங்கப் பிடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு மடங்கு வேணும்.

கேட்டு முடிச்சவங்களுக்கு ஒரு கேள்வி. ரிவர்ஸ் கியர்ல லே ஷாஃப்டுக்கும் மெயின் ஷாஃப்டுக்கும் நடுவுல ஒரு ஐந்தாவது கியர் வரும். அதோட பல் எண்ணிக்கை 18ஆ 25ஆன்னு தெரியாமலேயே வெளி வேகத்தைச் சொல்லிடலாம். எப்படின்னு, மேல சொன்ன ரெண்டு விதியை வச்சு யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.